தேய்ந்துபோன ஓர் இலக்கம்: பழைய வெள்ளிப் பதக்கத்தின் ஆண்டைப் புகைப்படங்களிலிருந்து கண்டுபிடித்த அனுபவம்

தோழி ஒருத்தி போன மாதம் ஆறு புகைப்படங்கள் அனுப்பினாள். வீட்டில் பழைய தகரப் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தவையாம். ரிப்பனில் தொங்கும் ஒரு சின்ன வெள்ளிப் பதக்கம், கூடவே சிவப்பு நிறம் நிரப்பிய ஒரு பித்தளை பேட்ஜ். பதக்கத்தின் முன்பக்கம் கேடய வடிவம், ஓரத்தைச் சுற்றி நீல எனாமல் பட்டை, நடுவில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள். பின்பக்கம் கையால் செதுக்கிய வரிகள்: உயரம் தாண்டுதல், இரண்டாம் பரிசு, அதற்குக் கீழே ஆண்டு. அந்த ஆண்டில்தான் சிக்கல். முதலில் உள்ள 19 தெளிவாகத் தெரிகிறது, கடைசியில் உள்ள 2-ம் தெளிவு. நடுவில் உள்ள இலக்கம் தேய்ந்து, அதன் மேல் வளைவு மட்டும் மிச்சம். 1922 என்றும் படிக்கலாம், 1932 என்றும் படிக்கலாம்.

வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி. "இது பெரிய தாத்தாவோடது" என்கிறார் அவளுடைய பெரியப்பா. அதாவது தாத்தாவின் அண்ணன், 1906-ல் பிறந்தவர். "இல்லை, அப்பாதான் பள்ளிக்கூடத்தில் தாண்டியவர்" என்கிறார் அத்தை. தாத்தா பிறந்தது 1916. பதக்கத்தில் பெயர் இல்லை. 1922 என்றால் அண்ணனுக்குப் பதினாறு வயது, 1932 என்றால் தம்பிக்குப் பதினாறு வயது. ஒரே ஓர் இலக்கம் தெரிந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

பின்பக்கத்தின் கீழ் ஓரத்தில், விளிம்பை ஒட்டி, வரிசையாக நான்கு சின்னக் குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. முதல் குழியில் தயாரிப்பாளரின் முதலெழுத்துகள், அடுத்ததில் நங்கூரம், அதற்கடுத்ததில் நடக்கும் சிங்கம், கடைசியில் ஓர் ஒற்றை எழுத்து. இது பிரிட்டிஷ் ஹால்மார்க் வரிசை. சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காமில் உள்ள பரிசோதனை அலுவலகத்தில் சோதித்தது. 1773-லிருந்து அந்த ஊரின் அடையாளம் அதுதான். பழைய பள்ளி, விளையாட்டுப் பதக்கங்களில் நங்கூரம் அடிக்கடி கண்ணில் படும், ஏனென்றால் இந்த மாதிரிச் சின்னப் பதக்கங்களையும் பேட்ஜ்களையும் அடித்துத் தள்ளிய பட்டறைகள் அந்த ஊரில் குவிந்து கிடந்தன. கடைசி எழுத்துதான் ஆண்டுக்கான எழுத்து. ஆண்டுக்கு ஓர் எழுத்தாக வரிசையில் போய், வரிசை முடிந்ததும் எழுத்தின் பாணியை மாற்றி மறுபடி 'ஏ'-யிலிருந்து தொடங்குவார்கள்.

இங்கேதான் நான் முதலில் தப்புப் பண்ணினேன். அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்து 'சி' மாதிரி இருந்தது. பர்மிங்காமில் 1900-ல் தொடங்கிய சுற்று சின்ன எழுத்துச் சுற்று, அதில் 'சி' 1902. 1925-ல் தொடங்கியது பெரிய எழுத்துச் சுற்று, அதில் 'சி' 1927. ஆங்கிலத்தில் 'சி', 'ஓ', 'எஸ்', 'வி', 'டபிள்யூ', 'எக்ஸ்', 'இசட்' ஆகிய எழுத்துகளுக்குச் சின்னதும் பெரியதும் கிட்டத்தட்ட ஒரே உருவம். இரண்டு மில்லிமீட்டர் குழிக்குள், பக்கத்தில் ஒப்பிட வேறு எழுத்து எதுவும் இல்லாதபோது, இது சின்னதா பெரியதா என்று உருவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த மாதிரி இடத்தில் எழுத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துத்தான் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும், அது சுற்றுக்குச் சுற்று மாறும். நான் அதைச் செய்யவில்லை. அவசரத்தில், "1902 முத்திரை, 1922 செதுக்கல், பெரிய தாத்தாவுடையதாக இருக்கலாம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். இருபது வருடம் ஒரு வெற்றுப் பதக்கம் கடையில் கிடந்ததா என்ற கேள்வி இரவு படுத்த பிறகுதான் வந்தது. காலையில் எழுந்ததும், "நேற்றுச் சொன்னதைப் பெரியப்பாவிடம் சொல்லாதே, படம் மறுபடி எடுக்க வேண்டும்" என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடையாளம் காண்பதில் பாதிக்கு மேல் இங்கேதான் கெடுகிறது.

முதல் விஷயம், துடைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், பாலிஷ் போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழிகளுக்குள் படிந்திருக்கும் கருமைதான் படத்தில் எழுத்தைக் காட்டுகிறது. பளபளவென்று தேய்த்துவிட்டால் மேடும் பள்ளமும் ஒரே நிறமாகிவிடும். தேய்ந்துபோன செதுக்கலில் மிச்சமிருக்கும் கோடும் அந்தத் தேய்ப்பில் போய்விடலாம்.

அடுத்தது வெளிச்சம். அவள் எடுத்த படங்கள் எல்லாம் மேலிருந்து விழும் அறை விளக்கில் எடுத்தவை. வெள்ளியில் அது நேராகத் திருப்பி அடித்து, முத்திரை இருக்கும் இடம் வெள்ளைப் புள்ளியாக வெந்து கிடந்தது. அதனால் அறை விளக்கை அணைத்துவிட்டு, பதக்கத்தைச் சாம்பல் நிறத் தாளில் வைத்து, ஒரே ஒரு டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து, பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வில் வெளிச்சம் விழும்படி எடுக்கச் சொன்னேன். அதே படத்தை நான்கு திசையிலிருந்தும் எடுக்க வேண்டும்: டார்ச் மேலே, கீழே, இடம், வலம். போனை மிக அருகே கொண்டுபோகாமல் ஒரு இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி, புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் கேமரா மட்டும் வெளியே நீட்டும்படி அசையாமல் வைத்து, இரண்டு மடங்கு ஜூம் போட்டால் போதும். அருகே போனால் போனின் நிழலே பொருளின்மேல் விழும். எக்ஸ்போஷரைக் குறைத்து, படம் கொஞ்சம் இருட்டாகவே இருக்கட்டும் என்றேன். இருட்டிலிருந்து விவரத்தைத் தூக்கி எடுக்கலாம், வெந்துபோன வெள்ளையிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

அப்புறம் ஓர் அளவுகோலைப் பதக்கத்தின் பக்கத்தில், அதே உயரத்தில் வைக்கச் சொன்னேன். மேசைமேல் கிடக்கும் அளவுகோலும் அதைவிட மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் பதக்கத்தின் முகமும் போனுக்கு ஒரே தூரத்தில் இருக்காது, அளவு சற்றுத் தப்பும். தீப்பெட்டி அட்டைத் துண்டுகளை அந்த உயரத்துக்கு அடுக்கி அடியில் வைத்தால் சரியாகிவிடும்.

புதிய படங்கள் வந்தன. முதலில் பார்த்தது சிங்கத்தை. பிரிட்டிஷ் வெள்ளி முத்திரையில் சிங்கம் நம் பார்வைக்கு இடப்பக்கம் பார்த்து நடக்கும். படத்தில் அது வலப்பக்கம் போனால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். போனின் முன்கேமராவில் எடுத்தாலோ, ஏதாவது செயலி திருப்பி வைத்தாலோ இப்படி ஆகும். சிங்கம் சரியாகவே நடந்தது. அது மட்டும் போதாது. கீழே இருந்து வெளிச்சம் விழுந்த படத்தில் எல்லாமே தலைகீழாகத் தோன்றியது. குழி மேடாகவும், உள்ளே மேடாக நிற்க வேண்டிய எழுத்து பள்ளமாகவும் தெரிந்தது. வெளிச்சம் மேலிருந்து வரும் என்று கண் பழகிவிட்டதால் வருகிற மயக்கம் அது. அந்தப் படத்தை அரைச் சுற்றுத் திருப்பி, வெளிச்சம் மேலிருந்து வருவதுபோல் வைத்தவுடன் குழி குழியாகவே ஆனது. தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல் படிப்பது அதைவிட மோசம்.

டார்ச் மேலே இருந்த படத்தில்தான் அந்த எழுத்து பேசியது. 'சி'-யின் திறந்த வாய்க்குள், கீழ்ப்பாதியில், ஒரு சின்னக் குறுக்குக்கோடு நிழலாக எழுந்து நின்றது. டார்ச் இடமும் வலமும் இருந்த படங்களில் அது இல்லை. ஒரு மெல்லிய கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையிலிருந்து வெளிச்சம் வந்தால் அதற்கு நிழலே விழாது, அதனால் காணாமல் போகும். இது அழுக்கா, கோடா என்று உறுதிசெய்ய, மேல் வெளிச்சப் படத்தையும் கீழ் வெளிச்சப் படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். போன் அசையாமல் இருந்ததால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒரே வரி:

```
magick top.jpg bottom.jpg -colorspace Gray -compose difference -composite -auto-level out.png
```

கறையும் அழுக்கும் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்தவுடன் கறுத்து மறைந்துவிடும். உண்மையான மேடு பள்ளத்தில் ஒரு படத்தில் வெளிச்சமும் மறு படத்தில் நிழலும் இருப்பதால் அது மட்டும் வெள்ளையாக மிஞ்சும். குறுக்குக்கோடு மிஞ்சியது. அது 'சி' இல்லை, பெரிய எழுத்து 'ஜி'. சட்டத்தின் வடிவமும் இந்த முறை அட்டவணையில் 1925 சுற்றோடு ஒத்துப்போனது. சின்ன எழுத்து 'ஜி'-க்குக் கீழே வால் உண்டு, அதனால் இங்கே இரண்டு சுற்றுக்கும் குழப்பமே இல்லை.

1925 'ஏ' என்றால், எண்ணிக்கொண்டே போனால் 'ஜி' 1931. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பர்மிங்காமில் எழுத்து மாறியது ஜனவரியில் இல்லை, ஜூலையில். 1975-லிருந்துதான் ஜனவரிக்கு வந்தது. ஆகவே இந்த 'ஜி' என்பது 1931 ஜூலையிலிருந்து 1932 ஜூன் வரை. அட்டவணையில் 1931 என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஓர் ஆண்டு வித்தியாசத்துக்குப் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, ஊர் முத்திரையைப் பார்க்காமல் எழுத்து அட்டவணைக்குப் போகவே கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் தனி வரிசை. நங்கூரத்துக்குப் பதில் சிறுத்தைத் தலை இருந்திருந்தால் அது லண்டன். நான் முதலில் படித்த அதே சின்ன 'சி' லண்டன் வரிசையில் 1918-ஐக் காட்டியிருக்கும்.

இப்போது தேய்ந்த இலக்கத்துக்கு வருவோம். பதக்கத்தை முதலில் அடித்து, முத்திரை வாங்கி, கடையில் வைத்து, பிறகுதான் பள்ளி வாங்கி வரி செதுக்கும். ஆகவே முத்திரையின் ஆண்டு செதுக்கிய ஆண்டுக்கு முன்போ அதே ஆண்டிலோ இருக்கலாம், பின்னால் போக முடியாது. போயிருந்தால், தொலைந்துபோனதற்குப் பதிலாகப் பிற்பாடு செய்து வாங்கியது, அல்லது யாரோ புதிதாகச் செதுக்கிச் சேர்த்தது, அல்லது நாம் முத்திரையைத் தப்பாகப் படித்திருக்கிறோம். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம். 1931-32 முத்திரை போட்ட வெள்ளியில் சாதாரணமாக 1922 செதுக்கியிருக்க வழியில்லை. 1932 இயல்பாக உட்காருகிறது. அதே சாய்வு வெளிச்சப் படங்களில் அந்த இலக்கத்தையும் மறுபடி பார்த்தேன். மேல் வளைவுக்குக் கீழே, நடுப்பகுதியில், உள்ளே குத்தி நிற்கும் ஒரு சின்ன முனை தெரிந்தது. 2-க்கு அந்த இடத்தில் கோடு சரிந்து இடப்பக்கம் இறங்கும், உள்ளே முனை வராது. 3-க்குத்தான் வரும். பக்கத்திலேயே தெளிவான ஒரு 2 இருப்பதால் செதுக்கியவரின் கை எப்படிப் போகும் என்று ஒப்பிடவும் முடிந்தது. அந்த 2-ல் கடைசிக் கோடு அடியில் நீளமாக, ஆழமாக இழுபட்டிருக்கிறது. நடு இலக்கத்தின் அடியில் அப்படி ஒரு கோட்டின் தடயமே இல்லை. மெல்லிய மேல் வளைவு மிஞ்சி, ஆழமான அடிக்கோடு மட்டும் தேய்ந்து போயிருக்காது.

முதல் குழியில் இருந்த தயாரிப்பாளரின் எழுத்துகளில் பாதி சரியாகப் பதியவில்லை, அடிக்கும்போது அச்சு சாய்ந்திருக்க வேண்டும். அதை நான் பயன்படுத்தவில்லை. முழுதாகத் தெரிந்தால் அதற்கும் மதிப்புண்டு. உதாரணமாக 'பி.வி. அண்ட் எஸ்' என்று இருந்தால் அது பிலிப் வாட்டன் அண்ட் சன்ஸ், 1908 லண்டன் ஒலிம்பிக் பதக்கங்களைச் செய்த பர்மிங்காம் நிறுவனம். ஆனால் பாதி எழுத்தை வைத்துப் பெயரை ஊகிக்கக் கூடாது, ஒரே மாதிரி முதலெழுத்து உள்ள பட்டறைகள் ஏராளம். பெட்டியோடு கிடைத்தால், மூடியின் உள்ளே பட்டுத்துணியில் அச்சிட்டிருக்கும் பெயர் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர், செய்தவர் பெயர் இல்லை. இரண்டும் வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சரி, ஆண்டு கிடைத்துவிட்டது. ஆனால் பதக்கம் முழுவதும் அந்த ஆண்டைச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. எனாமலையும் ரிப்பனையும் அதற்காகப் பார்த்தேன்.

அசல் எனாமல் என்பது பெயிண்ட் இல்லை, கண்ணாடி. கண்ணாடித் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, சுமார் 750-லிருந்து 850 டிகிரி செல்சியஸ் வரை உலையில் உருக்கி, ஆறியதும் வெள்ளியோடு சேர்த்துத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். அதனால் கண்ணாடியும் உலோகமும் ஒரே மட்டத்தில் இருக்கும். இதைப் படத்தில் காண ஒரு வழி இருக்கிறது. நீளமான குழல் விளக்கோ ஜன்னல் சட்டமோ பதக்கத்தின் முகத்தில் பிரதிபலிக்கும்படி சாய்த்து எடுத்தால், அந்த வெளிச்சக்கோடு வெள்ளியிலிருந்து எனாமலுக்குள் உடையாமல் ஓட வேண்டும். அச்சுப் பள்ளத்தில் நிரப்பிய மலிவான வண்ணம் என்றால் அது காய்ந்து உள்வாங்கியிருக்கும், கோடு விளிம்பில் ஒடிந்து இறங்கும். உடைந்த இடமும் காட்டிக்கொடுக்கும். கண்ணாடி என்றால் சில்லாகப் பெயரும், பெயர்ந்த இடத்தில் கூரான, சிப்பி மாதிரி வளைந்த விளிம்பு இருக்கும், அடியில் உலோகம் தெரியும். வண்ணம் என்றால் கீறல் விழும், மங்கும், செதிலாக உரியும்.

இந்தப் பதக்கத்தின் நீலப்பட்டையில் மூன்று பக்கம் வெளிச்சக்கோடு அழகாக ஓடியது. இடப்பக்க மேல்மூலையில் மட்டும், ஒரு ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு, ஒடிந்தது. நேர் வெளிச்சத்தில் அங்கே நிறம் அச்சாகப் பொருந்துகிறது, வித்தியாசமே தெரியாது. பிரதிபலிப்பில் பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் மங்கலாக, நடுவில் குழிந்து, வெள்ளி விளிம்பின்மேல் ஒரு மயிரிழை வழிந்து நிற்கிறது. உலையில் உருக்கிப் பிறகு தேய்த்துச் சமப்படுத்திய எனாமல் விளிம்பின்மேல் ஏறி நிற்காது. ஆக, எப்போதோ அந்த மூலையில் சில்லு பெயர்ந்து, பிற்பாடு யாரோ நீல வண்ணத்தால் நிரப்பியிருக்கிறார்கள். பழுது பார்த்ததுதான், போலி இல்லை. மற்ற இடத்தில் எனாமலுக்கு அடியில் ஒளி ஊடுருவி வெள்ளியில் செதுக்கிய மெல்லிய அலைக்கோடுகள் மின்னுகின்றன. நிரப்பிய துண்டில் அந்த அலை இல்லை, வண்ணம் ஒளியை விடவில்லை.

இதை அவளிடம் சொன்னபோது, "அந்த நீலத்தைச் சுரண்டி எடுத்துவிடட்டுமா" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பக்கத்தில் உள்ள பழைய கண்ணாடியில் ஏற்கனவே விரிசல் இருந்தால், ஊசி வைத்து நெம்பும்போது அதுவும் கூடவே பெயர்ந்து வரும். ஊசியால் குத்தி இது கண்ணாடியா வண்ணமா என்று பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. பிரதிபலிப்புப் படம் இருக்கும்போது அது தேவையே இல்லாத சேதம்.

ரிப்பன்தான் இருப்பதில் பலவீனமான சாட்சி. கழற்றுவது சுலபம், மாற்றுவது சுலபம், நிறங்களை வைத்து எந்தப் பள்ளி என்று சொல்வது கிட்டத்தட்ட முடியாது, ஏனென்றால் நீலமும் வெள்ளையும் கோடு போட்ட ரிப்பனை எத்தனை பள்ளிகள் எத்தனை காலம் வைத்திருந்தன என்று கணக்கே இல்லை. இருந்தாலும் அதையும் படிக்கலாம். ரிப்பனின் மேல்முனை ஒரு பட்டை ஊக்கில் சுற்றித் தைத்திருந்தது. மடிப்பைப் பிரிக்காமல், ஓரத்தில் தெரியும் வெட்டுமுனையை மட்டும் அருகே எடுக்கச் சொன்னேன். படத்தில் வெட்டுமுனை நெடுக, இழைகளின் நுனியில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாகப் பளபளக்கும் மணிகள். வெட்டிய முனை பிரியாமல் இருக்க நெருப்பில் காட்டியிருக்கிறார்கள், இழை உருகி மணியாகி இருக்கிறது. பட்டு உருகாது, கருகும். பருத்தியும் உருகாது. அந்தக் காலத்து விஸ்கோஸ் ரேயான் ரிப்பனும் உருகாது, எரிந்து சாம்பலாகும். உருகி மணியாவது நைலான், பாலியஸ்டர் மாதிரி இழைகள், அவை சாதாரண ரிப்பனில் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1932 பதக்கத்தில் 1932 ரிப்பன் இல்லை.

அவளிடம் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று இருந்ததால் அதிலும் ஒரு படம் எடுத்தாள். வெள்ளைக் கோடும் தையல் நூலும் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தன. துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனத்தின் ஒளிர்வு அது, அதுவும் பெரும்பாலும் போருக்குப் பிந்திய சங்கதி. ஆனால் இதை மட்டும் தனியாக நம்பக் கூடாது. பழைய துணியை இன்றைய சோப்புப் பவுடரில் ஒருமுறை துவைத்தாலே அதுவும் ஒளிரத் தொடங்கும், சோப்பிலும் அதே ரசாயனம்தான். பட்டுக்குத் தானாகவே ஒரு மங்கலான ஒளிர்வு உண்டு. இங்கே உருகிய மணியும் ஒளிர்வும் ஒரே பக்கம் காட்டியதால் நிச்சயமாகச் சொன்னேன்.

அப்படியானால் முதலில் இந்தப் பதக்கம் எதில் தொங்கியது? மேல் வளையத்தின் படத்தில் விடை இருந்தது. வளையத்தின் உள்பக்கம், உச்சியில், ஒரு குறுகிய பள்ளம் தேய்ந்திருக்கிறது, ரிப்பன் கிடந்தால் வருகிற அகலமான வழவழப்பு இல்லை. கம்பி வளையம் பல வருடம் ஒரே இடத்தில் உரசிய தேய்மானம் அது. இந்த மாதிரிச் சின்னக் கேடயப் பதக்கங்களைக் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்வதற்காகத்தான் செய்தார்கள், நெஞ்சில் குத்திக்கொள்ள இல்லை. பின்பக்கச் செதுக்கல் ஏன் இவ்வளவு தேய்ந்தது என்பதற்கும் அதே காரணம்தான். சட்டைப்பையில், துணியோடு துணியாக, தினமும் உரசியிருக்கிறது. நடுப்பகுதி மேடாக இருப்பதால் அங்கே இருந்த இலக்கம் முதலில் தேய்ந்தது, விளிம்பை ஒட்டிக் குழியாக இருந்த முத்திரை தப்பியது. வளையத்திலும் தனியாக ஒரு குட்டிச் சிங்கம் அடித்திருந்தது, ஆகவே வளையமும் வெள்ளிதான், அசலாகவே வந்தது.

அச்சில் அடித்ததா, வார்த்த நகலா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். நகல் எடுத்து வார்த்தால் முத்திரையும் சேர்ந்து வார்ப்பாகிவிடும், அதன் மூலைகள் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கி, சுற்றிலும் ஊசிமுனைப் புள்ளிகள் இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் அசலைவிடக் கொஞ்சம் குறையும். இங்கே சட்டத்தின் மூலைகள் கூர்மை, குழியின் அடித்தளம் மட்டம். சந்தேகமில்லை.

சிவப்பு பேட்ஜைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்பக்கம் சிவப்பு பளபளப்பாக, மேலே குமிழாக உப்பி நிற்கிறது, அது கண்ணாடி இல்லை, மேலே ஊற்றிய தெளிவான பிசின். பின்பக்கம் ஊசிக்குப் பதில் ஒரு சின்ன முள், அதில் மாட்டும் இரண்டு சிறகுள்ள அமுக்குப் பிடி. அந்தப் பிடி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் பரவியது. பிசின் அதற்கும் பிறகு. பெட்டியில் பதக்கத்தோடு சேர்ந்து கிடந்தது என்பதற்காக இரண்டையும் ஒரே ஆளுடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அவள் அப்பாவின் பள்ளிக்கால பேட்ஜாக இருக்கலாம் என்று அத்தை சொன்னாராம், அது பொருந்துகிறது.

அவளுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். வெள்ளி, பர்மிங்காமில் 1931 ஜூலைக்கும் 1932 ஜூனுக்கும் நடுவே சோதித்தது. செதுக்கிய ஆண்டு 1932. எனாமல் அசல், ஒரு மூலையில் வண்ணத்தால் நிரப்பிய பழுது. வளையம் அசல். ரிப்பனும் ஊக்கும் போருக்குப் பிறகு யாரோ சேர்த்தவை. ஆண்டு தாத்தாவின் வயதோடு பொருந்துகிறது, பெரிய தாத்தாவின் பள்ளிக்காலத்தோடு பொருந்தவில்லை. ஆனால் பெயர் இல்லாததால், தாண்டியது தாத்தாதான் என்று பதக்கம் மட்டும் சொல்லாது. அதற்கு முன்பக்க எழுத்துகள் வேண்டும். பின்னிய எழுத்துகளில் எது முதலில் என்பது இன்னொரு தொல்லை. நடுவில் பெரிதாக நிற்பதையோ, மற்ற இரண்டின்மேல் ஏறிப் போவதையோ முதல் எழுத்து என்று எடுத்துக்கொள்ள முடியாது, செதுக்கியவர் அழகுக்காக எப்படியும் பின்னியிருப்பார். அதனால் மூன்று எழுத்தின் ஆறு வரிசைகளையும் எழுதிக் கொடுத்து, இதில் எது தாத்தா படித்த பள்ளியின் பெயரோடு ஒத்துப்போகிறது என்று வீட்டில் உள்ள பழைய சான்றிதழைப் பார்க்கச் சொன்னேன்.

சான்றிதழ் பெரியப்பாவிடம்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவரே அதைப் படம் எடுத்து அனுப்பினார், டார்ச்சைப் படுக்கவைத்து. ஆறில் நான்காவது வரிசை. ரிப்பனைக் கழற்ற வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாராம், அதைத் தைத்தது பாட்டி.